பண்டிலின் அளவும் பரிசோதனையின் செலவும்: பின்னலாடைத் தையல் பிரிவில் மதிப்புக் கூட்டாத செயல்கள்

தொழிற்சாலையில் நடப்பவற்றை மதிப்புக் கூட்டும் செயல், கூட்டாத செயல் என்று இரண்டாகப் பிரிப்பது தொழிற்பொறியியலில் நெடுநாள் வழக்கம். வாங்குபவருக்கு வேண்டிய விதத்தில் பொருளின் வடிவத்தையோ தன்மையையோ மாற்றுவது முதல் வகை. காத்திருப்பு, இடமாற்றம், பரிசோதனை ஆகியவை இரண்டாம் வகை. ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்த செயல்முறை வரைபடமே இவற்றைத் தனித்தனிக் குறியீடுகளால் காட்டத் தொடங்கியது. இந்தப் பிரிப்பில் தவறில்லை. பிரித்த பிறகு மூன்றையும் தனித்தனிச் செலவுகளாக எண்ணி, தனித்தனியாகக் குறைக்க முயல்வதில்தான் தவறு நேர்கிறது. தொலைவு பண்டிலைப் பெரிதாக்குகிறது, பெரிய பண்டில் காத்திருப்பை நீட்டுகிறது, நீண்ட காத்திருப்பு பிழையை மறைத்துவைத்துப் பரிசோதனையையும் மறுவேலையையும் பெருக்குகிறது. மூன்றும் ஒரே சங்கிலி. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் எளிய டி-சர்ட் ஒன்றை வைத்து இதை நிறுவ முயல்கிறேன். கீழே வரும் அளவுகளும் விலைகளும் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை; தங்கள் தொழிற்சாலையின் எண்களை வாசகர்கள் அந்த இடங்களில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தோள் இணைப்பு, கழுத்து ரிப், கை மடிப்பு, கை இணைப்பு, பக்கத் தையல், அடி மடிப்பு, லேபிள் என்று 12 பேர் வரிசையாக அமர்ந்து தைக்கும் ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். ஒரு டி-சர்ட்டுக்கான மொத்தத் தையல் வேலை 6 நிமிடம். லைனிலிருந்து மணிக்கு 60 பீஸ் வெளிவருகிறது. வெட்டிய பாகங்கள் 20 பீஸ் கொண்ட பண்டில்களாகக் கட்டப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு தையல்காரரின் கையில் ஒரு பண்டிலும் பக்கத்தில் இரண்டு பண்டில்களும் இருக்கும். ஆளுக்கு 60 பீஸ் என்றால் லைனில் எப்போதும் 720 பீஸ் நிற்கிறது.

ஓர் அமைப்புக்குள் இருக்கும் பொருள்களின் சராசரி எண்ணிக்கை, அவை வெளியேறும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் தொகைக்குச் சமம். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இது. இங்கே 720-ஐ 60-ஆல் வகுத்தால் 12 மணி நேரம் வருகிறது. 6 நிமிட வேலைக்காக ஒரு டி-சர்ட் தையல் லைனில் மட்டும் ஒன்றரை ஷிப்ட் கிடக்கிறது. தங்கும் நேரத்தில் ஊசி துணியில் இறங்கும் நேரம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

லைனின் நடுவே நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது, ஏனென்றால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பவர் தையல்காரரின் கையை அளக்கிறார். கை ஓயாமல் இயங்குகிறது. ஆள் செய்யும் வேலையின் ஓட்டம் வேறு, பொருள் கடந்துசெல்லும் ஓட்டம் வேறு என்று ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ வற்புறுத்தியதன் பொருள் இதுதான். ஆளைப் பின்தொடர்ந்தால் வேலை தென்படும். காத்திருப்பைக் காண துணியைப் பின்தொடர வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பண்டில் டிக்கெட்டில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் பென்சிலால் எழுதச் சொல்லி, ஒரு நாளில் பத்துப் பண்டில்களைக் கவனித்தால் போதும்.

இந்த 12 மணி நேரத்தின் விலை என்ன? கணக்காளரிடம் கேட்டால் முடங்கிய முதலுக்கு வட்டி போடுவார். பாதி முடிந்த பீஸ் ஒன்றின் மதிப்பு 150 ரூபாய் என்றால் 720 பீஸின் மதிப்பு 1,08,000 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் நாளொன்றுக்கு 36 ரூபாய்கூட ஆகாது. ஒரு லைனுக்கு இவ்வளவுதானா என்று அவர் கோப்பை மூடிவிடுவார். கூட்டலில் பிழையில்லை. ஆனால் காத்திருப்பின் செலவு வட்டியில் இல்லை.

தோள் இணைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தில் லூப்பர் நூலின் இறுக்கம் காலையில் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தையல் போட்டவுடன் பார்த்தால் சரியாகவே தெரியும். இழுத்துப் பார்த்தால்தான் பிரியும். அதை இழுத்துப் பார்ப்பவர் லைனின் கடைசியில் உள்ள செக்கிங் மேசையில் இருக்கிறார். பழுதான முதல் பீஸ் அவர் கைக்கு வர 12 மணி நேரமாகும். அதற்குள் அதே பழுதுடன் சுமார் 720 பீஸ் லைனில் இறங்கியிருக்கும். தையலைப் பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி பார்க்க ஒரு பீஸுக்கு 3 நிமிடம், ஒரு நிமிட உழைப்புக்கு எல்லாச் செலவும் சேர்த்து 3 ரூபாய் என்று கொண்டால் மறுவேலைக்கு 6,480 ரூபாய் ஆகிறது.

இப்போது பண்டிலை 5 பீஸாகக் குறைத்து, கையில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று வைப்போம். ஆளுக்கு 10 பீஸ், லைனில் 120 பீஸ். தங்கும் நேரம் 2 மணி. அதே பழுது, அதே செக்கிங் மேசை. ஆனால் மாட்டுவது 120 பீஸ், செலவு 1,080 ரூபாய். வித்தியாசமான 5,400 ரூபாய், 720 பீஸுக்கான ஐந்து மாத வட்டிக்குச் சமம். அதை ஒரே ஒரு பழுது ஒரே நாளில் தின்றுவிடுகிறது. யாரும் வேகமாகத் தைக்கவில்லை, செக்கிங்குக்கு ஆள் கூடவில்லை. பரிசோதனையின் பயன் கூடியதற்குக் காரணம் காத்திருப்பு குறைந்ததே.

ஆகவே, பரிசோதனை மதிப்புக் கூட்டுமா கூட்டாதா என்ற விவாதத்தைவிட, அது பிழை பிறந்த இடத்திலிருந்து எத்தனை மணி நேரத் தொலைவில் நிற்கிறது என்ற கேள்வியே பயனுள்ளது என்பது என் முடிவு. தாமதமாக வரும் பரிசோதனை நல்லதையும் கெட்டதையும் பிரித்துவைக்கும். உடனே வரும் பரிசோதனைதான் இயந்திரத்தைத் திருத்தும். பிழைகள் லைன் முடிவில் திரளாக வெளிப்படும்போது நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்வது, அயர்னிங்குக்குப் பின் இன்னொரு செக்கிங், பேக்கிங்குக்கு முன் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டே போவது. அடுத்து ஒருவர் பார்க்கப்போகிறார் என்ற எண்ணம் முந்தையவரின் கண்ணைத் தளர்த்திவிடுகிறது.

வாங்குபவர் தரப்பின் இறுதிச் சோதனையும் இந்தக் குறையை ஈடுசெய்யாது. 5,000 பீஸ் கொண்ட ஆர்டரில், பொதுவாகப் பின்பற்றப்படும் ஐஎஸ்ஓ 2859 மாதிரித் திட்டத்தின்படி, 2.5 ஏக்யூஎல் அளவுக்கு 200 பீஸ் எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் 10 வரை பழுது இருந்தால் சரக்கு தேறும், 11 இருந்தால் தேறாது. அனுப்பலாமா கூடாதா என்று அது தீர்ப்புச் சொல்கிறது. எந்த இயந்திரத்தில் எப்போது பிழை தொடங்கியது என்பதை அது சொல்லாது. ஒப்பந்தம் கேட்பதால் அதை நீக்கவும் முடியாது. குழந்தைகள் உடைகளுக்கான ஊசிமுனைக் கண்டறிதலும் அப்படித்தான். இவற்றை வீண் என்று பட்டியலிடுவது பொறுப்பற்ற செயல்.

இனி இடமாற்றம். திருப்பூரில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி எல்லாம் பெரும்பாலும் வெவ்வேறு கூரைகளின் கீழ் ஜாப் ஒர்க்காக நடப்பவை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நொய்யலை மாசுபடுத்திய சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணியை வெளியூர்ச் சாயப்பட்டறைகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. தொலைவு இந்த ஊர்த் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. விரும்பினால் நீக்கிவிடக்கூடிய ஒன்றல்ல.

5,000 டி-சர்ட்டின் முன்பாகங்கள் வெட்டப்பட்டு மார்பில் பிரின்ட் போட வெளியே போக வேண்டும். டெம்போ ஒரு தடவைக்கு 600 ரூபாய். எல்லாவற்றையும் ஒரே லோடாக அனுப்பினால் பீஸுக்கு 12 பைசா, நான்கு லோடாக அனுப்பினால் 48 பைசா. இடமாற்றத்தை வீண் என்று மட்டும் கற்றவர் ஒரே லோடைத் தேர்ந்தெடுப்பார். விளைவைப் பாருங்கள். கட்டிங் முடிய 2 நாள், பிரின்டிங்குக்கு 2 நாள், அதன் பிறகே தையல் தொடங்கும். 1,250 பீஸாக நான்கு தடவை அனுப்பினால், அரை நாள் கட்டிங், அரை நாள் பிரின்டிங் முடிந்து, ஒரு நாள் கழிந்ததும் தையல் தொடங்கிவிடும். கூடுதலாகக் கொடுத்த 1,800 ரூபாய்க்கு 3 நாள் கிடைக்கிறது. கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதத்தால் விமானத்தில் போவதன் செலவை அறிந்த எந்த ஏற்றுமதியாளரும் அந்த 3 நாளை அற்பமாக நினைக்கமாட்டார். பிரின்ட் சரியாக வேகாமல் துவைத்ததும் வெடிக்கிறது என்றால், முதல் லோடு திரும்பிய அன்றே அதைத் துவைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். 5,000 முன்பாகங்களும் கெட்ட பிறகு அதே சாயத் தொகுதியில் மாற்றுத் துணிக்கு எங்கே போவது?

இதற்கொரு நிபந்தனை உண்டு. பிரின்டிங் யூனிட் ஒவ்வொரு லோடுக்கும் ஸ்கிரீனை இறக்கி ஏற்றினால், புதிதாக நிறம் கலந்தால், ஆயத்த நேரம் நான்கு மடங்காகும். லோடுக்கு லோடு நிறமும் மாறும். வேலை தொடர்ந்து நடக்க, சரக்கு மட்டும் தவணையாக வந்துபோகும்படி பேசி முடித்தால்தான் சிறிய லோடு பலன் தரும்.

தையல் லைனிலும் அதே எச்சரிக்கை தேவை. பக்கத்தில் நிற்கும் பண்டில், இயந்திரம் நின்றாலும் ஆள் வராவிட்டாலும் அடுத்தவர் வேலையின்றிப் போகாமல் காக்கும் இருப்பு. மெக்கானிக் வர அரை மணி நேரமாகும் தொழிற்சாலையில் திடீரென்று 5 பீஸ் பண்டிலுக்கு மாறினால் லைன் முழுவதும் நின்றுவிடும். 20-இலிருந்து 10, அங்கே நிலைத்த பின் 5 என்று இறங்க வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்த இருப்புதான் அன்றைய கூலிக்கான உறுதி என்பதையும் மறக்கக்கூடாது. லைன் நின்ற நேரத்துக்குக் கூலி தராமல் பண்டிலை மட்டும் குறைப்பது, நிர்வாகத்தின் பிழைக்குத் தொழிலாளியிடம் அபராதம் வாங்குவதாகும். அதைத் தொழிலாளர்கள் எதிர்த்தால் அது நியாயமான எதிர்ப்பு.

எல்லாக் காத்திருப்பும் வீணல்ல என்பதற்குக் கட்டிங்குக்கு முந்தைய கட்டமே சான்று. ரோலில் இழுவிசையோடு சுற்றப்பட்ட பின்னல் துணியைப் பிரித்துத் தளர்த்திப் போட்டு, பல மணி நேரம், லைக்ரா கலந்ததென்றால் ஒரு முழு நாள்கூட, ஆறவிடுகிறார்கள். பார்வைக்கு அது சும்மா கிடக்கிறது. உண்மையில் இழைகள் தம் இயல்பான நீளத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. இந்த நேரத்தைக் குறைத்தவர்கள் சுருங்கிய உடையைத் திரும்பப் பெறுவார்கள். துணியின் தன்மை மாறுவதால், வரைபடத்தில் இதைச் செயலுக்குரிய வட்டத்தால் குறிப்பதே முறை.

இந்த வகைப்பாட்டால் நேரும் இன்னொரு கேடு என்னை உறுத்துகிறது. செயல்களுக்கு வைத்த பெயர் ஆட்கள்மீது ஒட்டிக்கொள்கிறது. செக்கிங் செய்யும் பெண்ணும் பண்டில் தூக்கும் ஹெல்பரும் 'மதிப்புக் கூட்டாத ஆட்கள்' என்ற பட்டியலில் ஏறி, செலவுக் குறைப்பில் முதலில் வெளியேற்றப்படுகிறார்கள். பண்டிலின் அளவையும் லோடின் அளவையும் முடிவு செய்தது அவர்களல்ல. காத்திருப்பு அப்படியே இருக்கச் செக்கரை நீக்கினால், பிழை வாங்குபவரின் கிடங்கில் வெளிப்படும். அவரையே லைனின் நடுவே, கழுத்து ரிப் முடியும் இடத்தில் அமர்த்தினால், அவர் பார்வை ஒவ்வொரு மணியும் ஓர் இயந்திரத்தைத் திருத்தும்.

நம் காஸ்ட் ஷீட்டில் நூல், சாயம், தையல், டெம்போ, செக்கிங் எல்லாவற்றுக்கும் ஒரு வரி உண்டு. காத்திருப்புக்கு மட்டும் இல்லை. ஒவ்வோர் ஆர்டருக்கும் துணி கட்டிங் மேசையில் விரிக்கப்பட்ட நேரத்தையும் பெட்டி ஒட்டப்பட்ட நேரத்தையும் குறித்து, இடைப்பட்ட மணிகளை அந்த ஷீட்டின் முதல் வரியாக எழுதுங்கள். டெம்போ, செக்கிங் வரிகளைக் குறைக்கும் எந்த யோசனையையும், அந்த முதல் வரி கூடுமா குறையுமா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.