மூலப்பத்திரம் யாரிடம்?

வில்லியனூரிலோ பாகூரிலோ மனை வாங்குகிறவர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. அதில் ஒன்றும் இல்லையென்றால் 'சுத்தமா இருக்கு' என்று முழுப்பணத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சான்று, பதிவு அலுவலகத்துக்கு வந்தவற்றின் பட்டியல் மட்டுமே. வராதவை?

1819-இல் பிரெஞ்சு சிவில் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது அதனிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. அடமானத்தை நோட்டரி முன்னால் எழுத வேண்டும்; பதிவேட்டில் ஏறிய தேதிதான் எந்தக் கடன் முந்தியது என்பதைச் சொல்லும். (மனைவிக்கும் மைனர்களுக்கும் பதியாமலே செல்லும் உரிமைகள் உண்டு என்ற ஓட்டை அதிலும் இருந்தது.) பத்திரத்தின் மூலம் நோட்டரியிடமே தங்கிவிடும். வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோவது நகல்தான்.

ஆங்கிலேய இந்தியாவில் பழக்கம் வேறு. மூலம் உரிமையாளரின் பெட்டியில் இருக்கும். அதைக் கடன் கொடுப்பவரிடம் ஈடாக ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும். 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றச் சட்டம் இதற்குப் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. ஒப்படைக்கும் இடம் அரசு அறிவித்த நகரமாக இருந்தால் போதும். பாகூர் நிலத்தின் பத்திரத்தைச் சென்னையில் வைத்துக்கூடக் கடன் வாங்கலாம். புதுச்சேரி 1962-இல் இந்தியாவோடு சட்டப்படி இணைந்த பிறகு, 1968-ஆம் வருஷத்துச் சட்ட விரிவாக்கத்தோடு இந்த ஏற்பாடும் இங்கே வந்தது.

கூடவே பதிவுச் சட்டமும் வந்தது. அதிலுள்ள இடைவெளியை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஜனவரி 10 அன்று ஒருவர் தன் மனையை முதலாமவருக்கு எழுதிக் கொடுக்கிறார், பதியவில்லை. மார்ச் 1-இல் அதே மனையை இரண்டாமவருக்கு எழுதி அன்றே பதிகிறார். சான்று சுத்தம், பணம் முழுசாகக் கைமாறிவிட்டது. ஏப்ரல் 20-இல் முதலாமவர் தன் பத்திரத்தைப் பதிகிறார். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதியக் கொடுக்கலாம் என்பதால் அது செல்லும். பதிந்த பத்திரம் எழுதிய தேதியிலிருந்தே அமலாகும் என்பதால் மனை முதலாமவருடையது. 'நாங்கதானே முதல்ல ரிஜிஸ்டர் பண்ணோம்?' என்ற இரண்டாமவரின் கேள்வி பயன்படாது. பணத்தை விற்றவரிடம்தான் கேட்க முடியும். அவர் அதைச் செலவழித்திருப்பார்.

இரண்டு மோசடிக்கும் ஒரே அடையாளம் உண்டு: தாய்ப்பத்திரத்தின் மூலம் விற்பவர் கையில் இருக்காது. அது கடன்காரரிடமோ முதல் வாங்கியவரிடமோ போயிருக்கும். 'ஒரிஜினல் அண்ணன் வீட்ல இருக்கு, ஜெராக்ஸ் பாருங்க' என்பார்கள். தமிழ்நாட்டில் இதைக் கேட்டவுடனே சந்தேகப்படலாம். புதுச்சேரியின் பழைய குடும்பங்களில் அவ்வளவு எளிதல்ல. பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் என்றால், நேர்மையான குடும்பத்திடமும் நோட்டரி கொடுத்த நகல்தானே இருக்கும்! அப்போது கையிலிருப்பது நோட்டரியே சான்றளித்துத் தந்த நகலா, அதன் ஜெராக்ஸா என்று பார்க்க வேண்டும். நிலத்தில் இப்போது யார் பயிர் வைக்கிறார்கள் என்று பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்பது இன்னும் நல்லது.

பதிவுக்கு நான்கு மாதம் கழித்து மறுபடியும் ஒரு வில்லங்கச் சான்று போடலாம், அதுவரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம். விற்பவர் ஒத்துக்கொள்வாரா என்பது வேற விஷயம்.