நாளுக்குப் பெயரா, மரத்துக்குப் பெயரா?

1950ஆம் ஆண்டு. இந்திய அரசின் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி, நாடெங்கும் மரம் நட ஒரு விழாவைத் தொடங்கி வைத்தார். சூலைத் திங்களின் முதல் வாரம் அதற்கென ஒதுக்கப்பட்டது. நோக்கம் நன்று. ஆனால், அதற்குச் சூட்டப்பட்ட பெயர் என்ன தெரியுமோ? 'வன மகோத்சவம்'!

குழி தோண்டும் உழவனுக்கும் குடம் சுமக்கும் தாய்க்கும் அந்தப் பெயர் என்ன சொல்லிற்று? மகோத்சவம் என்ற சொல்லை அவர்கள் கோயில் அழைப்பிதழில் கேட்டிருக்கிறார்கள். கொடி ஏறும், தேர் ஓடும், திருவிழா முடியும், தேர் மீண்டும் கொட்டகைக்குள் அடங்கும். அவ்வாறே இதுவும் போலும் என்று அவர்கள் எண்ணினால் குற்றம் யாருடையது?

"பெயர் வடமொழியில் இருந்தது, அதுதான் கேடு. 'மரம் நடு விழா' என்று தமிழாக்கிவிட்டால் போதும்" என்று நம் தோழர்களில் பலர் சொல்வர். நானும் அவ்வாறே சொல்லித் திரிந்தவன்தான். ஆப்பிரிக்கக் கண்டத்தின் ஒரு வரலாற்றைப் படித்த பின்னரே, நான் பாதி நோயைத்தான் கண்டிருந்தேன் என்பது புலனாயிற்று. அந்த வரலாற்றைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

1963இல் விடுதலை பெற்ற நாடு கென்யா. அந்நாட்டின் கிக்குயு இனத்தில், உழவர் குடும்பத்தில் பிறந்து, உயிரியல் கற்று, முனைவர் பட்டமும் பெற்ற பெண்மணி வங்காரி மாத்தாய். 1974ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருடைய கணவர் தம் தொகுதி மக்களுக்கு வேலை தருவதாக வாக்களித்தார். வென்ற பின் வாக்கை மறப்பது அரசியல்வாதிகளின் வழக்கம். மனைவியாருக்கோ மறக்க மனம் வரவில்லை. வேலையற்றோரைக் கொண்டு நாற்றங்கால் அமைத்து, செல்வர் மாளிகைகளில் மரமும் தோட்டமும் வளர்த்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயர் 'என்விரோகேர்'. சூழலைப் பேணுதல் என்னும் பொருள்பட இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர்.

1975இல் தலைநகர் நைரோபியில் நடந்த பெருங்காட்சியில் அந்த நாற்றுகள் வைக்கப்பட்டன. கண்டோர் பலர், வியந்தோர் பலர். பின்னர் நாற்று கேட்டு வந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பணம் வரவில்லை. நகரில் தண்ணீர்ப் பஞ்சம் வேறு. நாற்றுகள் பட்டுப்போயின. பெயரும் அவற்றோடு மறைந்தது.

அந்தப் பெயர் யாரை அழைத்தது என்று எண்ணிப் பாருங்கள். வாங்கும் செல்வரை அழைத்தது. நட வேண்டிய ஏழையை அழைக்கவில்லை. விறகுக்கும் தண்ணீருக்கும் நெடுந்தொலைவு நடக்கும் கிராமத்துப் பெண்ணின் காதில் அது எவரோ நடத்தும் கடையின் பெயராகத்தானே விழுந்திருக்கும்?

வங்காரி சோர்ந்துவிடவில்லை. கென்யப் பெண்களின் தேசியப் பேரவையிடம் இத்திட்டத்தைக் கொண்டுசென்றார். 1977இல் அது இரண்டாவது பெயர் பெற்றது: 'நிலத்தைக் காப்போம் ஹராம்பே'. முதற்பகுதி ஆங்கிலம். பின்வரும் ஹராம்பே என்ற சொல்லிலேதான் உயிர் இருந்தது. சுமையை ஒருமித்து இழுக்கும் தொழிலாளர் எழுப்பும் குரல் அது. நம் நெய்தல் நிலத்தார் வலை இழுக்கையில் 'ஐலசா' என்கிறார்களே, அதன் உடன்பிறப்பு என்று கொள்ளலாம். முதற் குடியரசுத் தலைவர் கென்யாட்டா அதை நாட்டின் முழக்கமாக்கினார். அரசின் இலச்சினையிலும் அது இடம்பெற்றது. பள்ளிக்கூடம் எழுப்ப ஊரார் கைகோத்தாலும் ஹராம்பேதான், மருந்தகம் கட்டினாலும் ஹராம்பேதான். ஆகவே, அப்பெயரைக் கேட்டவுடன் ஏழைப் பெண்ணுக்கும் தன் கைக்கு வேலை உண்டு என்பது விளங்கியது.

1977 சூன் 5ஆம் நாள் நைரோபியில் ஊர்வலமாகச் சென்று, கமுக்குஞ்சி என்ற பூங்காவில் ஏழு மரங்களை நட்டனர். ஏழும் ஏழு தலைவர்களின் நினைவுக்கு. அவர்கள் வெவ்வேறு இனக்குழுவினர். இனப் பூசல் கனன்ற நாட்டில், "இது எங்கள் மரம் அல்ல" என்று எந்த இனமும் விலகி நிற்க இடமில்லாத ஏற்பாடு அது. அறிவு மிக்க செயல்!

எனினும், அந்த ஏழில் பிழைத்தவை எத்தனை? இரண்டே!

மொழி மக்களின் மொழியாக இருந்தது. அழைப்பு அனைவருக்குமாக இருந்தது. அப்படியிருந்தும் ஐந்து மரங்கள் பட்டுப்போயின. ஏன்? பொதுப் பூங்காவில் நட்ட மரத்துக்கு நாள்தோறும் நீர் வார்க்க எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை. ஹராம்பே என்ற குரல் கூட்டத்தைக் கூட்டும். சுமை நகர்ந்தவுடன் கூட்டம் கலையும். மரமோ, கூட்டம் கலைந்த மறுநாள்தான் தன் வாழ்வைத் தொடங்குகிறது.

மூன்றாவது பெயர் எவரும் மேடையில் அறிவித்ததன்று. வேலையிலிருந்து முளைத்தது. மரங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடாமல், ஓர் ஊரார் சேர்ந்து குறைந்தது ஆயிரம் மரங்களை வரிசையாக நட வேண்டும் என்று இயக்கத்தார் வகுத்தனர். அரையில் கட்டும் கச்சை போல அவ்வரிசை நிலத்தைச் சுற்றிப் பச்சையாகத் தெரிந்தது. அதைக் கண்டு 'பசுமைக் கச்சை' என்றனர். அதுவே 'பசுமைக் கச்சை இயக்கம்' என நிலைத்தது.

மூல வழக்கில் இப்பெயரும் ஆங்கிலந்தான் என்பதை மறைக்க மாட்டேன். இங்கேதான் என் பழைய கொள்கை இடறியது. அன்னிய மொழிப் பெயர் என்பதால் முதலாவது வீழ்ந்தது என்றால், மூன்றாவது எப்படி வாழ்ந்தது? 'சூழலைப் பேணுதல்' கண்ணுக்குத் தெரியாது. கச்சை கண்ணுக்குத் தெரியும். அதைச் சுட்டு விரலால் காட்டலாம். ஆயிரம் இருக்கிறதா என்று எண்ணலாம். இருபது பட்டுப்போனால் கச்சை கிழிந்திருப்பதை எழுதப் படிக்க அறியாதவரும் காண்பார். அந்தப் பெயர் நட்ட நாளைக் குறிக்கவில்லை. நிற்க வேண்டிய பொருளைக் குறித்தது.

இயக்கத்தின் நடைமுறையும் பெயரோடு ஒத்துச் சென்றது. முதலில் குழி தோண்ட வேண்டும். குழியைப் பார்த்த பிறகே நாற்று தரப்படும். நாற்று வளர்த்த பெண்களுக்கு, நட்ட கணக்கில் கூலி இல்லை. பிழைத்த கணக்கில்தான் கூலி. தொடக்கத்தில் பிழைத்த நாற்று ஒன்றுக்கு அமெரிக்க நாணயத்தில் நான்கு சென்ட். அற்பத் தொகைதான். ஆனால், சில திங்கள் கழித்து யாரேனும் வந்து எண்ணுவார்கள் என்ற உறுதி அற்பமானதன்று. வங்காரிக்கு 2004இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது, நடப்பட்ட மரங்கள் ஏறத்தாழ மூன்று கோடி என்று கணக்கிட்டனர். பெயர் மட்டுமே இதைச் செய்ததென்று சொன்னால் அது மூடநம்பிக்கை. மந்திரத்தால் மாங்காய் விழாது. உழைப்பும் கணக்கும் கூலியும் செய்தன. அவற்றை மறக்கவிடாமல் நினைவூட்டிக்கொண்டிருந்தது பெயர்.

இப்போது வன மகோத்சவத்துக்குத் திரும்புவோம். அதைத் தமிழாக்கி 'மரம் நடு விழா' என்றோம். மொழி நம்முடையதாயிற்று, விழா விழாவாகவே நின்றது. அந்தப் பெயர் இன்னும் நாளைத்தான் குறிக்கிறது. அந்த நாளும் நமக்கு ஏற்ற நாளன்று. தமிழகத்தின் பெரும்பாலான மாவட்டங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. சூலையில் நட்ட கன்று ஆடிக் காற்றையும் ஆவணி வெயிலையும் தாண்ட வேண்டும். ஆடிப் பட்டத்தில் விதைக்கும் உழவன் தன் வயலைச் சுற்றி வருகிறான். சாலையோரக் கன்றைச் சுற்றி வருபவர் யார்?

ஆகவே, மரம் நடப் புறப்படும் இளைஞர் மன்றத் தோழர்கள், பெயர் சூட்டுமுன் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கட்டும். எது நிற்கப்போகிறது? எத்தனை? எங்கே? மூன்றுக்கும் பெயரிலேயே விடை இருந்தால் அது வாழும்.

ஓர் ஏரிக்கரையை எடுத்துக்கொள்வோம். 'பசுமை விழிப்புணர்வு வாரம்' என்றால் மூன்றில் ஒன்றுக்கும் விடையில்லை. தலைவர் ஒருவர் பெயரைச் சூட்டினால் மாற்றுக் கட்சிக்காரன் மண்வெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவான். 'கரைக்கு நூறு பனை' என்று சொல்லிப் பாருங்கள். பொருள் பனை, எண்ணிக்கை நூறு, இடம் கரை. பத்தடிக்கு ஒன்றாக ஊன்றினால் ஏறத்தாழ ஆயிரம் அடிக் கரை வேண்டும். கரைக்குப் பொறுப்பான அலுவலகத்தின் இசைவை முதலில் பெற வேண்டும். மழைக்கு முன் குழிக்கு இரண்டு விதை இட வேண்டும். முதல் ஓலை தலைகாட்டச் சில திங்கள் ஆகும். அதற்குள் "முளைக்கவில்லை" என்று கைவிடலாகாது. அடுத்த ஆண்டு எண்ணும்போது அறுபத்தொன்று நின்றால், இன்னும் முப்பத்தொன்பது கடன் என்பதைப் பெயரே இடித்துரைக்கும். பெயர் நன்றா என்று அறிய எளிய வழியும் உண்டு. தெருவில் ஒரு பாட்டியிடம் அதை ஒருமுறை சொல்லுங்கள். மூன்றாம் நாள் சென்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் மாற்றுங்கள்.

துப்புரவுக்கும் இதுவே நெறி. 'தூய்மை வாரம்' எட்டாம் நாள் இறந்துவிடும். 'ஓடும் வாய்க்கால்' என்று பெயரிட்டால், வாய்க்கால் அடைபடும் நாளில் அந்தப் பெயர் நம்மைத் தலைகுனிய வைக்கும். வைக்கட்டும்!

கடைசியாக ஒன்று. 'ஊர் கூடி மரம் நடுவோம்' என்ற பெயர் பல இடங்களில் விருப்பத்தோடு வைக்கப்படுகிறது. இனிய பெயர்தான். ஆனால், நம் சிற்றூர்களில் 'ஊர்' என்றால் எது? ஊர் வேறு, சேரி வேறு என்றல்லவா சாதி பிரித்து வைத்திருக்கிறது! அப்பெயரைச் சேரித் தோழன் கேட்கையில், "உனக்கு அழைப்பில்லை" என்று அவன் காதில் விழுமே! வங்காரி ஏழு மரங்களுக்கு ஏழு இனங்களிலிருந்து பெயர் தேடினார். நாம் ஒரே ஒரு சொல்லால் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடுகிறோம். கரை என்றால் இரு பக்கத்தாரும் நடக்கும் கரை. அங்கே பனை வளர்ந்தால் நுங்கும் ஓலையும் இரு பக்கத்தாருக்கும் சரிபாதி என்பதை, முதல் விதை இடுமுன்பே பொதுக் கூட்டத்தில் முடிவு செய்து எழுதிக்கொள்ள வேண்டும். அதை எழுத மறுக்கும் ஊரில், எந்தப் பெயரைச் சூட்டினாலும் நடப்படுவது மரமாக இருக்காது, வேலியாகத்தான் இருக்கும்.