ஓய்வூதியரின் வங்கிக் கணக்கும் ஆறு இலக்கக் குறியீடும்

இணையவழியாக வங்கிக் கணக்கினுள் நுழைவதற்குக் கடவுச்சொல் மாத்திரம் போதுமானதாக இருந்த காலம் முடிந்துவிட்டது. கடவுச்சொல்லைப் பதிந்த பின்னர், இரண்டாவது படியாக ஆறு இலக்கக் குறியீடொன்றையும் வங்கி கேட்கின்றது. அக்குறியீடு பெரும்பாலும் கையடக்கத் தொலைபேசிக்குக் குறுந்தகவலாக வந்து சேர்கின்றது. சில வங்கிகள் குறுந்தகவலுக்குப் பதிலாக, தொலைபேசியிலுள்ள செயலியொன்றே குறியீட்டை உருவாக்கிக் கொள்ளும் வசதியையும் வழங்குகின்றன. பணிக்கொடையும் மாதாந்த ஓய்வூதியமும் தவிர வேறு வருமானமற்ற ஒருவர் இவ்விரண்டில் எதனைத் தெரிவு செய்வது என்ற வினா, இன்று பல வீடுகளில் எழுகின்றது. பிள்ளைகள் ஒன்று சொல்கின்றனர். வங்கி ஊழியர் வேறொன்று சொல்கின்றார். இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயன்தரும் எனக் கருதுகின்றோம்.

குறுந்தகவல் முறையில், குறியீட்டை வங்கியின் கணினி உருவாக்கி, பதிவு செய்யப்பட்ட தொலைபேசி இலக்கத்திற்கு அனுப்புகின்றது. இங்கே குறியீடு போய்ச் சேர்வது மனிதரிடமோ தொலைபேசிக் கருவியிடமோ அல்ல. அது இலக்கத்தைத் தேடியே செல்கின்றது. இலக்கம் எவர் கையில் இருக்கின்றதோ அவருக்கே குறியீடு கிடைக்கும். இம்முறையின் பலவீனங்கள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன. மோசடிக்காரர் ஒருவர் போலி ஆவணங்களைக் காட்டியோ, தொலைபேசி நிறுவன ஊழியர் ஒருவரை ஏமாற்றியோ அதே இலக்கத்திற்குப் புதிய சிம் அட்டையைப் பெற்றுக்கொண்டால், உரியவரின் சிம் அட்டை அக்கணமே செயலிழந்து, குறியீடுகள் யாவும் மோசடிக்காரரின் கைக்குச் செல்லும். ஜேர்மனியில் 2017ஆம் ஆண்டு வெளியான சம்பவமொன்றில் சிம் அட்டையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. தொலைபேசி வலையமைப்புகள் தமக்கிடையே பயன்படுத்தும் பழைய சமிக்ஞை முறையிலுள்ள ஓட்டையைப் பயன்படுத்தி, குறுந்தகவல்கள் வேறிடத்திற்குத் திருப்பப்பட்டு, வாடிக்கையாளர்களின் பணம் எடுக்கப்பட்டது.

செயலியின் வழி வேறானது. அதனை முதன்முறை இணைக்கும்போது, வங்கியின் திரையில் கறுப்பு வெள்ளைச் சதுரமொன்று தோன்றும். அதனைத் தொலைபேசியின் கமெராவினால் காட்டியதும், அதற்குள் மறைந்திருக்கும் இரகசியத் திறவுகோல் செயலியில் பதிவாகின்றது. அதன் பின்னர், அத்திறவுகோலையும் அந்நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 செக்கன்களுக்கு ஒரு தடவை புதிய குறியீட்டைச் செயலி காட்டுகின்றது. வங்கியின் கணினியும் அதே கணக்கைத் தன் பக்கத்தில் செய்கின்றது. இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். குறியீடு எவ்வழியாகவும் தொலைபேசிக்கு அனுப்பப்படுவதில்லையாதலால், இலக்கத்தைத் திருடியவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. சிம் அட்டையோ இணையத் தொடர்போ இல்லாத தொலைபேசியிலும் குறியீடு தோன்றும். 2011ஆம் ஆண்டு நியமமாக வெளியிடப்பட்ட இக்கணிப்பு முறையையே Google Authenticator, Microsoft Authenticator போன்ற செயலிகள் கையாளுகின்றன.

இதுவரை வாசித்தவர்கள் செயலியே சிறந்தது என்ற முடிவுக்கு வந்திருக்கக்கூடும். ஆனால், முதியவர்கள் பணத்தை இழக்கும் சம்பவங்களில் நாம் அடிக்கடி கேள்விப்படுவது சிம் திருட்டை அல்ல. தொலைபேசி மணி ஒலிக்கின்றது. பேசுபவர் தம்மை வங்கி அதிகாரி என்கின்றார். கணக்கு முடக்கப்படவுள்ளதாகவோ, பரிசொன்று கிடைத்துள்ளதாகவோ கூறி, "உங்களுக்கு இப்போது வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள் ஐயா" என்கின்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும் அதே வேளையில், அவரது கை வங்கியின் நுழைவுப் பக்கத்தில் இருக்கின்றது. வாசித்துக் காட்டப்படும் குறியீடு குறுந்தகவலில் வந்ததா, செயலியில் தோன்றியதா என்பது அவருக்குப் பொருட்டல்ல. 30 செக்கன் என்பதும் அவருக்குப் போதிய அவகாசமே. குறியீடு மாறிய பின்னரும் சிறிது நேரத்திற்கு முந்தியதை ஏற்றுக்கொள்ளும் கணினிகளும் உள்ளன. வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பரிமாற்றத்தில் பணம் சில விநாடிகளிலேயே வேறு கணக்கிற்குச் சென்றுவிடும். பின்னர் மீட்பது மிகக் கடினம்.

இவ்விடத்தில் குறுந்தகவலுக்கு ஓர் அனுகூலம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட குறுந்தகவல், குறியீடு எதற்கானது என்பதையும் கூறும். கணக்கினுள் நுழைவதற்கா, புதிய பெறுநரைச் சேர்ப்பதற்கா, இரண்டரை இலட்சம் ரூபாவை இன்னொரு கணக்கிற்கு அனுப்புவதற்கா என்பது அதில் இருக்கும். பரிசு கிடைத்திருப்பதாகக் கூறுபவரின் பேச்சும், பணம் வெளியேறப் போகின்றது எனக் கூறும் தகவலும் முரண்படுவதை வாசிப்பவர் கண்டுகொள்ளலாம். செயலி காட்டும் ஆறு இலக்கங்களோ எதனையும் சொல்வதில்லை. சிங்கப்பூரில் பெரிய வங்கிகள், தமது சொந்தச் செயலியை அடையாளச் சாதனமாகப் பதிவு செய்த வாடிக்கையாளர்கள் நுழைவதற்கு, வாசித்துப் பதியும் இத்தகைய குறியீடுகளைப் படிப்படியாகக் கைவிடவுள்ளதாக 2024 ஜூலையில் அறிவித்தன. வாய்விட்டுச் சொல்லக்கூடிய எந்த இலக்கமும் பறிக்கப்படக்கூடியது என்பதே அதன் காரணம்.

இனி ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவர் கல்முனையைச் சேர்ந்த, 68 வயதுடைய ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரது தொலைபேசி இலக்கம் பல வருடங்களுக்கு முன்னர் மகன் தனது அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கிக் கொடுத்தது. மகன் இப்போது கட்டாரில் பணிபுரிகின்றார். ஆசிரியர் ஆறு மாதங்கள் மகளுடன் தங்குவதற்கு ரொறன்ரோ செல்லவுள்ளார். ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ சில வாரங்கள் செல்பவருக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

அவர் முதலிற் சீர்செய்ய வேண்டியது இலக்கத்தின் உரிமையை. சிம் அட்டை தொலைந்தால் அதே இலக்கத்தை மீளப்பெறுவதற்கு, பதிவிலுள்ளவரின் அடையாள அட்டை கோரப்படும். மகன் நாட்டில் இல்லாத நிலையில் அது இலகுவாக நடவாது. மகன் விடுமுறையில் வரும்போது உரிமையை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அவகாசம் இல்லையெனில், தமது பெயரிலேயே புதிய இலக்கமொன்றைப் பெற்று, வங்கிக் கிளைக்கு நேரிற் சென்று பழையதற்குப் பதிலாக அதனைப் பதிவு செய்வதே வழி. புறப்படும் முன்னரே இதைச் செய்துவிட வேண்டும். இலக்க மாற்றத்துக்கு நேரில் வருமாறு கிளை கேட்டால், ரொறன்ரோவிலிருந்து அவர் என்ன செய்வார்?

அதே கிளையில் அவர் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: நுழைவதற்குச் செயலி அனுமதிக்கப்படுகின்றதா, பணம் அனுப்புவதற்கும் அதே செயலி போதுமா, அல்லது அதற்குக் குறுந்தகவல்தான் வருமா? எல்லா வங்கிகளும் இத்தெரிவைக் கொடுப்பதில்லை. கொடுக்குமாயின், வெளிநாடு செல்லும் அவருக்குச் செயலியே பொருத்தமானது. இணைக்கும்போது சதுரத்திற்குக் கீழே எழுத்துக்களும் எண்களும் கலந்த நீண்ட திறவுகோல் காட்டப்படுவது வழக்கம். அதனைக் காகிதமொன்றிற் பிழையின்றி எழுதிவைத்தல் வேண்டும். தொலைபேசி தொலைந்தால் புதிய தொலைபேசியில் அத்திறவுகோலைப் பதிந்து அதே குறியீடுகளைப் பெறலாம். அக்காகிதம் பிறர் கையிற் சிக்கினால் அவரும் குறியீட்டைப் பெறுவார் என்பதால், கடவுச்சொல் எழுதிய கொப்பியுடன் சேர்க்காது, காணி உறுதிகள் இருக்கும் பெட்டியில் வைப்பது நல்லது. பின்னர் கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறி, செயலியின் குறியீட்டைக் கொண்டு மீண்டும் நுழைந்து பார்த்த பின்னரே அவர் விமானமேற வேண்டும்.

ரொறன்ரோவில் அவருக்கு நேரக்கூடிய இடையூறு விசித்திரமானது. அங்குள்ள நேரத்திற்கு ஏற்ப, தொலைபேசியின் மணிக்கூட்டைக் கையால் திருப்பிவிட்டால், செயலி காட்டும் குறியீடுகள் யாவும் பிழையாகிவிடும். கணிப்பு உலகப் பொது நேரத்தை வைத்தே நடப்பதால், நேரத்தைத் தொலைபேசி தானாகவே அமைத்துக்கொள்ள விட்டால் எந்த நாட்டிலும் குறியீடு சரியாகவே இருக்கும். சரியாகப் பதிந்தும் தொடர்ந்து மறுக்கப்பட்டால், முதலில் மணிக்கூட்டையே சந்தேகிக்க வேண்டும். மறுபுறம், இலங்கைச் சிம் அட்டையையும் அவர் கைவிடலாகாது. நீண்டகாலம் மீள்நிரப்பப்படாத முற்கொடுப்பனவு இலக்கத்தை நிறுவனம் மீளப்பெற்று வேறொருவருக்கு வழங்கிவிடலாம். அந்த அந்நியருக்கு வங்கியின் தகவல்கள் செல்லத் தொடங்கும். கால எல்லையை நிறுவனத்திடம் கேட்டறிந்து, உறவினர் ஒருவர் மூலம் மீள்நிரப்பி வருவது போதுமானது.

ஊரைவிட்டு நகராதவர்களுக்கு எமது அபிப்பிராயம் வேறு. மகளின் கணினியிற் கணக்கைப் பார்த்து, குறியீட்டைச் சாதாரண பொத்தான் தொலைபேசியிற் பெறும் மூதாட்டியைச் செயலிக்கு மாறுமாறு வற்புறுத்த வேண்டியதில்லை. இலக்கம் அவரது பெயரிலேயே இருக்குமாயின் குறுந்தகவல் அவருக்குப் போதும். இணைப்பொன்றை அழுத்தியதால் இறங்கி, குறுந்தகவல்களைக் களவாக வாசிக்கும் செயலிகள் அவரது தொலைபேசியில் இயங்காது என்பது அவருக்குள்ள மேலதிக பாதுகாப்பாகும். அவர் அறிந்திருக்க வேண்டிய அடையாளம் ஒன்றுதான். தொலைபேசி திடீரென No Service எனக் காட்டி, அதே நிறுவனத்தின் சிம் அட்டையுள்ள அயலவரின் தொலைபேசி வழமைபோல் இயங்குமாயின், அது கோபுரத்தின் கோளாறு அல்ல. தொலைபேசியை ஒருமுறை நிறுத்தி இயக்கியும் நிலைமை மாறாவிடில், அயலவரின் தொலைபேசியிலிருந்து முதலில் வங்கிக்கு அழைத்து இணையவழிச் சேவையை நிறுத்தச் சொல்லி, அதன் பின் தொலைபேசி நிறுவனத்தை அழைக்க வேண்டும். மறுநாள் காலைவரை காத்திருப்பது ஆபத்தானது.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தமது இலக்கத்தையே பெற்றோரின் கணக்கிற்குப் பதிவு செய்து, குறியீட்டைத் தாமே பெறும் வழக்கத்தையும் நாம் அறிவோம். நல்லெண்ணத்திற் செய்யப்படுவதாயினும், தமது கணக்கில் நடப்பதைப் பெற்றோர் அறியும் வழி இதனால் அடைபட்டுப் போகின்றது. கூட்டுக் கணக்கோ எழுத்து மூலமான அதிகாரமளித்தலோ இதற்கென உள்ள முறைகளாகும்.

வங்கிகளிடமும் நாம் கேட்பது ஒன்றுண்டு. குறியீட்டின் நோக்கத்தைக் கூறுவதே குறுந்தகவலின் பலம் என மேலே குறிப்பிட்டோம். அந்த வாசகம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றது. ஆங்கிலம் அறியாத முதியவருக்கு அதில் விளங்குவது அந்த ஆறு இலக்கங்கள் மாத்திரமே. அவற்றையே மோசடிக்காரரும் கேட்கின்றார். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட நாடு இது. தனியார் வங்கியாயினும் அரச வங்கியாயினும், கணக்கைத் திறக்கும் படிவத்திலேயே குறுந்தகவலுக்கான மொழியைத் தெரிவு செய்ய இடமளித்து, "இக்குறியீடு உங்கள் கணக்கிலிருந்து பணம் அனுப்புவதற்கானது" என்ற ஒரு வரியைத் தமிழில் அனுப்புவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல.