புதிய பதவியின் ஊதியக் கட்டும் பழைய பணியாளரின் சம்பளமும்

சிறு நிறுவனம் ஒன்று தன்னிடம் இதுவரை இல்லாத பதவியை உருவாக்கும்போது, அதற்கான ஊதியக் கட்டை, அதாவது குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் இடைப்பட்ட சம்பள எல்லையை, விண்ணப்பதாரர் கேட்கும் தொகையை வைத்தே வகுத்துவிடுவது பெருந்தவறாகும். நிகரான பணியில் இருப்போரை அக்கட்டுக்குள் பொருத்திப் பார்த்த பின்னரே நியமனக் கடிதம் எழுதப்பட வேண்டும்.

கோவையில் நாற்பது பேர் பணிபுரியும் பம்ப் தயாரிப்பு நிறுவனம் முதன்முறையாகத் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் ஒருவரை எடுக்க முனைவதாகக் கொள்ளலாம். அங்கு ஆறாண்டாகப் பணியாற்றும் வடிவமைப்புப் பொறியாளர் மாதம் 42,000 ரூபாய் பெற, மூன்றாண்டு அனுபவமுள்ள விண்ணப்பதாரர் 50,000 ரூபாய் கேட்கிறார். திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கையும் கொண்டு இரு பதவிகளையும் ஒப்பிட்டால் அவை ஒரே நிலையில் அமைகின்றன. பாலின அடிப்படையிலான ஊதியப் பாகுபாட்டைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் பணியின் ஒப்புமையை இவற்றைக் கொண்டே வரையறுக்கிறது என்பதால், இந்த ஒப்பீட்டை எழுத்தில் பதிந்து வைப்பது நலம்.

கேட்கப்படும் 50,000 ரூபாய் பெரும்பாலும் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவையே குறிக்கும். அதில் வருங்கால வைப்பு நிதிக்கான நிறுவனப் பங்கு 1,800 ரூபாயையும், பணிக்கொடைக்கான ஒதுக்கீடு சுமார் 1,200 ரூபாயையும் கழித்தால், ஒப்பிடத்தக்க மாதச் சம்பளம் 47,000 ரூபாய் அளவிலேயே நிற்கும். சந்தை நிலவரத்தைப் பிற வழிகளிலும் சரிபார்த்தபின் இதையே நடுப்புள்ளியாக ஏற்று, இருபுறமும் 20 விழுக்காடு விட்டால், கட்டு 37,600 முதல் 56,400 வரை அமையும்.

சிக்கல் இங்குதான் வெளிப்படுகிறது. வடிவமைப்புப் பொறியாளர் நடுப்புள்ளியில் 89 விழுக்காட்டில் இருக்க, அனுபவம் குறைந்த புதியவர் கேட்டபடியே 47,000 பெற்றால் அவரை முந்திவிடுவார். ஊதிய நெருக்கம் எனப்படும் இந்நிலை, பழைய பணியாளர் விலகல் கடிதம் கொடுக்கும்வரை கணக்கேட்டில் தெரிவதே இல்லை. ஆகவே புதியவருக்கு 45,000 ரூபாய் அளிக்க முன்வந்து, அவர் சேரும் அன்றே பழையவரின் சம்பளத்தை 48,000 ஆக உயர்த்துவதே முறையாகும். இந்த 6,000 ரூபாயும் புதிய நியமனத்தின் செலவே என்று நிதிநிலைத் திட்டத்தில் ஏற வேண்டும்.

உயர்வில் பாதி அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தால், பணிக்கொடை கடைசிச் சம்பளத்தின்படி ஓராண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் கணக்கிடப்படுவதால், கடந்த ஆறாண்டுக்கான பொறுப்பும் ஏறத்தாழ 10,400 ரூபாய் கூடும். பலரும் மறப்பது இதைத்தான்.

புதியவர் 45,000 ரூபாய்க்கு இசையாவிட்டால், சம்பளத்தை உயர்த்துவதைவிட, ஆண்டுதோறும் மறுஆய்வுக்கு உட்படும் தனிப் படியாக வித்தியாசத்தை வழங்குவது பொருந்தும். ஆனால் அதற்கான காரணமும் முடிவு நாளும் நியமனக் கடிதத்திலேயே இடம்பெறாவிடில், அது நாளடைவில் அடிப்படைச் சம்பளமாகவே கருதப்பட்டுவிடும்.