அட்டை எண்ணின் கடைசி இலக்கம்

ஆய்வுக்கூடத்தில் அளவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதும் மாணவர்களிடம் ஒரு வழக்கமான பிழையைக் காணலாம். கருவி காட்டுவது 3.27, ஏட்டில் ஏறுவது 3.72. கண் சரியாகத்தான் பார்த்தது; கைதான் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிவிட்டது. அளவீட்டில் இத்தகைய பிழை நேர்ந்தால் வரைபடத்தில் அந்தப் புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நின்று நம்மை எச்சரிக்கும். ஆனால் ஒரு வங்கிக் கணக்கின் எண்ணில் இதே பிழை நேர்ந்தால்? 27-இல் முடியும் கணக்கும் இருக்கலாம், 72-இல் முடியும் கணக்கும் இருக்கலாம். ஒருவர் வாங்கிய பொருளுக்கு வேறொருவர் பெயரில் பற்று எழுதப்பட்டுவிடும். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அதில் பிழை இருப்பதைக் கண்டறிய ஏதேனும் வழி உண்டா?

உண்டு. உங்கள் வீட்டில் இருக்கும் வங்கி அட்டையின் கடைசி இலக்கம் இதற்காகவே வைக்கப்பட்டது. அதன் கதையைக் காண்போம்.

துணியின் நூலை எண்ணியவர்

ஹான்ஸ் பீட்டர் லூன் 1896-இல் ஜெர்மனியின் பார்மென் நகரில் பிறந்தவர். இளமையில் நெசவுத் தொழிலோடு தொடர்பு கொண்டிருந்த அவர், ஒரு துணியில் அங்குலத்துக்கு எத்தனை நூல்கள் உள்ளன என்பதை எளிதில் காட்டும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். ‘லூனோமீட்டர்’ என்பது அதன் பெயர். அமெரிக்காவில் குடியேறிய அவர், 1941-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார்.

1954 ஜனவரியில் அவர் ஒரு புதிய கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கணிப்பொறி என்றவுடன் மின்னணுப் பெட்டி நம் நினைவுக்கு வரும். இதுவோ கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய சக்கரக் கருவி. எண்ணின் இலக்கங்களுக்கு ஏற்பச் சக்கரங்களைத் திருப்பினால், அந்த எண் சரியானதா என்பதை அது காட்டிவிடும். 1960 ஆகஸ்டில் 2,950,048 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை இதற்குக் கிடைத்தது.

விண்ணப்பத்துக்கும் காப்புரிமைக்கும் இடைப்பட்ட காலத்தில் வேறொன்று நிகழ்ந்தது. 1958 செப்டம்பரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்குக் கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பி வைத்தது. அட்டையின் எண்ணைப் படியெடுப்பதும், தொலைபேசியில் சொல்வதும், துளையட்டையில் பதிப்பதும் அன்று மனிதர்கள் செய்த வேலைகள். மனிதக் கை புகும் இடமெல்லாம் பிழையும் புகும். லூனின் சக்கரக் கருவி பின்னாளில் மறைந்துபோயிற்று. ஆனால் அதனுள் இருந்த கணக்கு உலகெங்கும் பரவி, ஐ.எஸ்.ஓ. 7812 என்னும் பன்னாட்டுத் தரநிலையில் இடம்பெற்றது.

முன்னிலக்கங்களும் நீளமும்

அந்தத் தரநிலைப்படி அட்டை எண்ணுக்கு மூன்று பகுதிகள் உண்டு. தொடக்கத்தில் உள்ள இலக்கங்கள் அட்டையை வழங்கியவரைக் குறிக்கும். நெடுங்காலம் இவை ஆறு இலக்கங்களாக இருந்தன; வழங்குவோர் தொகை பெருகியதால் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் எட்டாக உயர்த்தப்பட்டன. நடுவில் உள்ளவை தனி மனிதரின் கணக்கைக் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம்.

எனவே ஓர் எண்ணைக் கண்டதும் முதல் இரண்டு கேள்விகளை எளிதாகக் கேட்டுவிடலாம். தொடக்கம் என்ன? நீளம் எவ்வளவு? 4-இல் தொடங்கினால் அது விசா. பெரும்பாலும் 16 இலக்கங்கள். 51 முதல் 55 வரை தொடங்கினால் மாஸ்டர்கார்டு, அதுவும் 16. 34 அல்லது 37 என்றால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். அதற்கு 15 மட்டுமே. 2012-இல் இந்தியாவில் அறிமுகமான ரூபே அட்டைகள் பலவும் 6-இல் தொடங்குகின்றன. ஆகவே 37-இல் தொடங்கி 16 இலக்கங்கள் கொண்ட எண்ணை யாராவது எழுதிக்கொடுத்தால், மேற்கொண்டு கணக்கே வேண்டியதில்லை. எங்கோ ஓர் இலக்கம் கூடிவிட்டது.

ஆனால் நீளமும் தொடக்கமும் சரியாக இருந்து, நடுவில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் இந்தக் கேள்விகள் பயன்படா. இங்கேதான் லூனின் கணக்கு வருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

4012 8888 8888 1881 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 4-இல் தொடங்குகிறது, 16 இலக்கங்கள் உள்ளன. முதல் இரண்டு கேள்விகளிலும் தேறிவிட்டது.

இப்போது வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாகச் செல்லுங்கள். கடைசி இலக்கத்தை அப்படியே விடுங்கள். அதற்கடுத்ததை இரட்டியுங்கள். அடுத்ததை விடுங்கள், அதற்கடுத்ததை இரட்டியுங்கள். இரட்டித்தது 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழித்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, 8-ஐ இரட்டித்தால் 16. ஒன்பது போக 7. எல்லாவற்றையும் கூட்டிய தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும்.

எண்: 4 0 1 2 – 8 8 8 8 – 8 8 8 8 – 1 8 8 1

இரட்டித்த பின்: 8 0 2 2 – 7 8 7 8 – 7 8 7 8 – 2 8 7 1

நான்கு தொகுதிகளின் கூட்டுத்தொகைகள் 12, 30, 30, 18. மொத்தம் 90. பத்தால் வகுபடுகிறது, எண் தேறியது. அட்டையை வழங்குபவர் இதையே மறுதலையாகச் செய்கிறார். முதல் 15 இலக்கங்களால் வரும் தொகை 89. அதை 90 ஆக்க 1 தேவை. ஆகவே கடைசி இலக்கம் 1.

இனி வேண்டுமென்றே பிழை செய்வோம். நான்காவது இலக்கமான 2-ஐ 7 என்று எழுதினால் மொத்தம் 95 ஆகும். மூன்றாவதையும் நான்காவதையும் இடம் மாற்றி 12-ஐ 21 என்று எழுதினால் 91 ஆகும். இரண்டும் பத்தால் வகுபடா, பிழைகள் பிடிபட்டன.

வலப்பக்கமிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். 16 இலக்க எண்ணில் முதல் இலக்கம் இரட்டிக்கப்படும். 15 இலக்க எண்ணில் அது இரட்டிக்கப்படாது. இடப்பக்கமிருந்து தொடங்குவோர் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் எண்ணில் தவறான விடை பெறுவது இதனால்தான்.

ஒன்பதைக் கழிப்பது ஏன்?

இரட்டிக்காமல் வெறுமனே கூட்டினால் போதாதா? போதாது. 2-ஐயும் 7-ஐயும் எந்த வரிசையில் கூட்டினாலும் 9 தான். இடமாற்றப் பிழை தப்பிவிடும். ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பதால் இடத்துக்கு இடம் மதிப்பு மாறுகிறது; இடமாற்றம் வெளிப்படுகிறது.

அப்படியானால் இரட்டித்ததை அப்படியே கூட்டலாமே, ஒன்பதை ஏன் கழிக்க வேண்டும்? இதில்தான் லூனின் நுட்பம் இருக்கிறது. கூட்டுத்தொகையில் நாம் கவனிப்பது கடைசி இலக்கத்தை மட்டுமே. 0-ஐ இரட்டித்தால் 0. 5-ஐ இரட்டித்தால் 10. இரண்டும் 0-இல் முடிகின்றன. ஆகவே 0-க்குப் பதில் 5 எழுதப்பட்டால் தெரியாமலே போய்விடும். 1-க்கும் 6-க்கும், 2-க்கும் 7-க்கும் இதே கதிதான். ஒன்பதைக் கழித்தாலோ, 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் முறையே 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 என்று மாறுகின்றன. பத்தும் வெவ்வேறு. எனவே ஓர் இலக்கம் மட்டும் தவறினால், அது எந்த இடமானாலும், கணக்கு அதைக் கட்டாயம் பிடித்துவிடும்.

தப்பிச் செல்லும் பிழைகள்

மேலே உள்ள பட்டியலை மீண்டும் பாருங்கள். இரட்டிப்பால் ஒவ்வோர் இலக்கமும் எவ்வளவு மாறுகிறது? 1 ஒன்று கூடுகிறது, 2 இரண்டு கூடுகிறது, 3 மூன்று, 4 நான்கு. 5 நான்கு குறைகிறது, 6 மூன்று, 7 இரண்டு, 8 ஒன்று. 0-உம் 9-உம் மட்டும் மாறுவதே இல்லை. ஆகவே இவ்விரண்டும் அடுத்தடுத்து வந்தால், 09 என்பதை 90 என்று எழுதினாலும் தொகை மாறாது. அடுத்தடுத்த இலக்கங்களின் இடமாற்றங்களில் இது ஒன்றே தப்பும்.

வேறு சில பிழைகளும் தப்பும். 22-ஐ 55 என்று எழுதினால் தெரியாது: முன்னதன் தொகை 4+2, அதாவது 6, பின்னதன் தொகை 1+5, அதுவும் 6. அவ்வாறே 33-க்கு 66-உம், 44-க்கு 77-உம். இவை மிக அரிதாக நேர்வன என்பதால் நடைமுறையில் பொறுத்துக்கொள்ளப்படுகின்றன.

அடுத்தடுத்த இடமாற்றம் ஒன்றுகூடத் தப்பாத முறையை டச்சுக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969-இல் வெளியிட்டார். நம் ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் அவருடைய முறைப்படி அமைந்தது. ஆனால் அதற்கு அட்டவணைகள் வேண்டும். லூனின் முறைக்கு மனக்கணக்கே போதும்.

தேறினால் அட்டை உண்மையா?

இனி மிக முக்கியமான கேள்வி. மூன்று சோதனைகளிலும் தேறிய எண்ணை நம்பலாமா? மனம்போனபடி 16 இலக்கங்களை எழுதினாலும் பத்தில் ஒன்று லூனின் கணக்கில் தேறிவிடும். கடைசி இலக்கத்தைக் கணக்கிடத் தெரிந்தவர் எழுதினால் பத்துக்குப் பத்தும் தேறும். கணக்கில் மறைபொருள் எதுவும் இல்லை. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. கை தவறியவரை அது பிடிக்கும். ஏமாற்ற வந்தவரைப் பிடிக்காது. அட்டை நடப்பில் உள்ளதா, கணக்கில் பணம் உள்ளதா என்பதை வழங்கிய வங்கிதான் சொல்ல முடியும். இந்தச் சோதனையின் பயன், வெளிப்படையாகத் தவறான எண்ணை வங்கி வரை அனுப்பாமல் வாசலிலேயே நிறுத்துவதுதான். அட்டை எண்ணைத் தட்டச்சு செய்த உடனேயே ‘எண் தவறு’ என்று திரையில் வருவது இதனால்தான்.

இதிலிருந்து உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. ‘அட்டை எண்ணைச் சொல்லுங்கள், செல்லுமா என்று பார்த்துச் சொல்கிறோம்’ என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தச் சோதனைக்குப் பிறர் உதவி வேண்டாம். ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும். போட்டுப் பார்த்ததும் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

நாம் கணக்குப் போட்ட 4012 8888 8888 1881 என்ற எண் யாருடையது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அது யாருடையதும் அன்று. பணம் செலுத்தும் நிரல்களைச் சோதிப்பதற்காக உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் மாதிரி எண் அது. தொடக்கம் சரி, நீளம் சரி, கூட்டுத்தொகையும் சரி. ஆனால் அதன் பின்னால் எந்தக் கணக்கிலும் ஒரு காசுகூடக் கிடையாது.