பரிந்துரை மதிப்பெண்: முன்கணிப்பா, பின்பதிவா?

'எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்னும் ஒரே கேள்வியில் நிற்கிறது நெட் ப்ரமோட்டர் ஸ்கோர். இதை மறுத்து எழுதியோரில் ஒரு சாரார், பரிந்துரைப்பேன் என்பவர்கள் பின்னர் அப்படிச் செய்வதில்லை என்று கேள்வியையே குறைகூறுகின்றனர். அது சரியாகவே இருக்கலாம். எனினும் அடிப்படைச் சிக்கல் கேள்வியில் இல்லை, சான்றின் காலவரிசையில் இருக்கிறது என்பதே என் வாதம்.

ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003 டிசம்பரில் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ'வில் வெளியிட்ட கட்டுரையே மூலச்சான்று. அதிலுள்ள விமான நிறுவனங்களின் வரைபடம் ஓர் அச்சில் மதிப்பெண்ணையும் மற்றதில் 1999 முதல் 2002 வரையிலான வருவாய் வளர்ச்சியையும் காட்டுகிறது. ஆனால் பதில்களைத் திரட்டும் பணி 2001இன் முதல் காலாண்டில்தான் தொடங்கியது. வளர்ச்சிக் காலத்தின் கணிசமான பகுதி அதற்குள் முடிந்துவிட்டது. ஆகவே அந்த வரைபடம் தாங்கக்கூடிய முடிவு ஒன்றுதான்: வளர்ந்திருந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் அப்போது மகிழ்ச்சியாக இருந்தனர். மகிழ்ச்சி வளர்ச்சியைத் தந்ததா, வளர்ச்சி மகிழ்ச்சியைத் தந்ததா என்பதை அது சொல்லாது. வளரும் நிறுவனம் புதிய விமானங்களை வாங்குகிறது; சுருங்கும் நிறுவனம் ஆட்குறைப்பு செய்து சேவையைக் குலைக்கிறது. இந்த இரண்டாம் விளக்கமும் அதே புள்ளிகளுக்குப் பொருந்துகிறது. உள்ளூர்த் தொலைபேசி, கேபிள் போன்ற ஏகபோகத் துறைகளில் கேள்வி பயன்படவில்லை என்று ரைக்ஹெல்டே ஒப்புக்கொள்கிறார். நார்வே நாட்டுத் தரவுகளைக் கொண்டு 2007இல் கீனிங்ஹாமும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வும், பிற திருப்தி அளவுகளைவிட இம்மதிப்பெண் மேலானது என்று காணவில்லை.

'பின்னாளில் மாறுவதையாவது காட்டுமே' என்பர். காட்டும், ஆனால் மிகத் தடுமாறி. 400 பேரில் 160 பேர் 9 அல்லது 10 தந்து, 80 பேர் 0 முதல் 6 வரை தந்தால் மதிப்பெண் 40 கழித்தல் 20, அதாவது 20. 95 விழுக்காட்டு நம்பிக்கையளவில் இதன் பிழை எல்லை ஏறத்தாழ 7 புள்ளிகள். இதே அளவு மாதிரிகள் கொண்ட இரு காலாண்டுகளை ஒப்பிடும்போது எல்லை சுமார் 10 ஆகிவிடும். 20 அடுத்த காலாண்டில் 26 ஆனால், அதை முன்னேற்றம் என்று கொள்ள இடமில்லை. வெட்டுப்புள்ளிகளும் தகவலைத் தின்றுவிடுகின்றன: 0 தந்தவர் 6க்கு உயர்ந்தாலும் மதிப்பெண் அசையாது, 8 தந்தவர் 9 தந்தால் அசையும்.

நடைமுறையில் பயன் தருகிறதே என்பதும் வாதமாகாது. ஊதியம் மதிப்பெண்ணோடு கட்டப்பட்ட இடத்தில் ஊழியரே 10 போடச் சொல்லிக் கேட்கிறார். அப்போது அளக்கப்படுவது அந்த வேண்டுகோளின் வலிமைதான்.

முன்கணிப்பு என்று உரிமை கோருவோர் முதலாண்டு மதிப்பெண்ணை அடுத்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு பொருத்த வேண்டும்; அதற்கு முந்தைய வளர்ச்சியின் பங்கையும் கழித்துக் காட்ட வேண்டும். அதுவரை இதை அண்மை அனுபவத்தின் பதிவு என்று மட்டும் கொள்வதே தகும்.