பதிவு அட்டையிலிருந்து வேலை முகாம் வரை

வேலைவாய்ப்பு அலுவலகம் நம்மள மாதிரி பெண்களுக்காகத் தொடங்கினது இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர, 1945-ல் வெள்ளைக்கார அரசு திறந்தது. மற்றவர்களுக்கும் அங்கே பதிவு வந்தது பிறகுதான்.

1959-ல் ஒரு சட்டம் வந்தது. அரசு அலுவலகங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொன்னது. தெரிவிக்கத்தான் வேண்டும்; அங்கிருந்துதான் ஆள் எடுக்கணும் என்று சட்டம் சொல்லவில்லை. தனியாரிடம் செய்யும் விவசாயக் கூலியையும் வீட்டு வேலையையும் அது கணக்கிலேயே சேர்க்கவில்லை. நம் அம்மாக்கள் செய்த வேலையே அந்த இரண்டும்தானே!

அவர்களுக்குப் பிறகு பத்தாவது படித்த எங்கள் தலைமுறை அட்டையை நம்பியது. பதிவு மூப்புப்படி அழைப்பு வரும். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விட்டால் மூப்பு போய்விடும். கல்யாணமாகி வேறு மாவட்டம் போன பெண்ணுக்கு இது எவ்வளவு கஷ்டம்! அட்டை அம்மா வீட்டுப் பெட்டியில் கிடக்கும், தேதி தாண்டிப்போகும். அரசு அவ்வப்போது சலுகை அறிவித்தபோது மூப்பைத் திரும்பப் பெற்றவர்களும் உண்டு.

1996-ல் உச்ச நீதிமன்றம், அலுவலகப் பட்டியலோடு பத்திரிகை விளம்பரமும் தந்து, விண்ணப்பிக்கும் எல்லோரையும் பரிசீலிக்கச் சொன்னது. அதன் பிறகு மூப்பு மட்டும் போதாது என்றாகிவிட்டது. என்னைக் கேட்டால் அது நியாயமான தீர்ப்புதான். ஆனாலும் பேப்பர் வாங்காத வீட்டுப் பெண்ணுக்குச் சேதி சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையைக் குழுக் கூட்டங்கள் எடுத்துக்கொண்டன.

2014-ல் தீனதயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டம் வந்தது. ஏழைக் கிராமக் குடும்பத்தின் 15 முதல் 35 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி. பெண்களுக்கு 45 வயது வரை. குழு உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளும் சேரலாம். பயிற்சி முடிந்தவர்களும், பயிற்சியே இல்லாதவர்களும் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போகிறார்கள்.

முகாமில் சொல்லும் சம்பளமும் கைக்கு வருவதும் ஒன்றல்ல. மாதம் 14,000 என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் பி.எஃப். 12 சதவீதம், 1,200 போகும். இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 105 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 பிடித்தால் கையில் நிற்பது 10,195. பி.எஃப். பணம் நம் பேரில்தான் சேர்கிறது, இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் கிடைக்கும். அவற்றை நஷ்டமாக நினைக்க வேண்டாம். விடுதிப் பிடித்தம்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதைச் சிலர் தாங்களாகச் சொல்வதில்லை.

அதனால் எங்கள் கூட்டமைப்பில் முகாமுக்குப் புறப்படும் பெண்களிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம்: பிடித்தம் போகக் கையில் எவ்வளவு? இரவு ஷிப்ட் உண்டா, உண்டென்றால் வண்டி யார் விடுவது? வேலை உத்தரவு யார் பெயரில் வரும், கம்பெனியா ஒப்பந்தக்காரரா? வேலைக்கு முன்பணம் கேட்கிறவரிடம் இந்த மூன்றையும் கேட்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம்.